திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு: வாராந்த விற்பனை அறிக்கையை மின்னஞ்சலில் எழுதும் முறை

திருகோணமலை மாவட்டத்துக்கான பெயின்ட் விற்பனைப் பிரதிநிதியாக நான் சேர்ந்தபோது, கடைகளுக்குப் போய் ஓடர் எடுப்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சனிக்கிழமை மாலையில் முகாமையாளருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எப்படி எழுதுவது என்று எவரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது மாதத்தில், "இதுவரை விற்பனை 46 இலட்சம்" என்று எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் முகாமையாளர் அந்த எண்ணை அப்படியே வாசித்தார். கணக்குப் பிரிவின் தாளில் 38 இலட்சம் என்று இருந்தது. நான் பொய் எழுதவில்லை. கடைக்காரர்கள் தந்த ஓடர்களைக் கூட்டியிருந்தேன். அவற்றில் ஒரு பகுதி இன்னும் களஞ்சியத்தை விட்டே வெளியேறவில்லை, வேறொரு பகுதி திரும்பி வந்திருந்தது. அதன் பிறகு ஏறத்தாழ மூன்று மாதங்கள் நான் எழுதிய ஒவ்வோர் எண்ணையும் அவர் தொலைபேசியில் மறுபடி கேட்டு உறுதிசெய்த பின்னரே பயன்படுத்தினார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்த நிலைக்கு வராமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

கீழே வரும் கணக்கு முழுவதும் ஒரே ஓர் உதாரணத்தைத் தொடர்கிறது: மார்ச் மாதம், மாத இலக்கு 65 இலட்சம் ரூபா, அறிக்கை அனுப்பும் நாள் சனிக்கிழமை 19ஆம் திகதி. நீங்கள் விற்பது பெயின்டாக இல்லாவிட்டாலும் வரிசை மாறாது.

1. சனிக்கிழமை நண்பகலுக்குள் மூன்று தாள்களைக் கையில் எடுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் வேண்டியவை மூன்றுதான். முதலாவது, அந்த வாரத்தின் இன்வொயிஸ் சுருக்கம். அதில் திரும்பி வந்த பொருட்களும் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, கடைவாரியான நிலுவைப் பட்டியல். எந்தத் தொகை எத்தனை நாளாக நிற்கிறது என்று அதில் தெரிய வேண்டும். மூன்றாவது, ஓடர் எடுத்தும் அனுப்ப முடியாமல் போன பொருட்களின் பட்டியல்.

இந்த மூன்றும் களஞ்சியத்தில் இருக்கும் கணக்கு உதவியாளரிடமிருந்து வர வேண்டியவை. சனிக்கிழமை அரை நாளோடு அவர்கள் வீடு திரும்பிவிடுவதால், வெள்ளிக்கிழமை பிற்பகலிலேயே கேட்டு வையுங்கள். உங்கள் ஓடர் புத்தகத்தை மட்டும் பார்த்து அறிக்கை எழுதுவதைவிட, தாள் வரும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து எழுதுவது நல்லது. முதல் தடவை முழு அறிக்கைக்கும் மூன்று மணி நேரம் பிடிக்கும். நான்காவது வாரத்துக்குள் அது முக்கால் மணி நேரமாகக் குறைந்துவிடும்.

2. 'விற்பனை' என்ற சொல்லுக்கு ஒரே பொருள் வையுங்கள்

எனக்கு அதிகம் அடிபட்ட இடம் இதுவாகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரே வாரத்துக்கு நான்கு வெவ்வேறு தொகைகள் உண்மையாக இருக்க முடியும். எங்கள் உதாரண வாரத்தில் கடைகள் தந்த ஓடர் 14 இலட்சம். அதில் களஞ்சியத்தில் பொருள் இருந்து இன்வொயிஸ் போடப்பட்டது 11.5 இலட்சம், மிகுதி 2.5 இலட்சம் காத்திருக்கிறது. திரும்பி வந்த பொருள் 0.5 இலட்சம். ஆகவே தேறிய விற்பனை 11 இலட்சம். அதே வாரத்தில் கையில் வந்து சேர்ந்த பணம் 9 இலட்சம்.

அறிக்கையில் 'விற்பனை' என்று எழுதும்போது எப்போதும் தேறிய தொகையை, அதாவது 11 இலட்சத்தை மட்டுமே எழுதுங்கள். ஓடர் தொகையை 'பெற்ற ஓடர்' என்றும், வந்த பணத்தை 'வசூல்' என்றும் தனித்தனிப் பெயரில் எழுதுங்கள். வாரத்துக்கு வாரம் இந்தப் பெயர்களை மாற்றவே கூடாது.

இன்னொரு பொறி வற் வரி. எங்கள் இலக்கு வரி நீங்கிய தொகையில் தரப்படுகிறது. இன்வொயிஸின் அடியில் இருக்கும் கூட்டுத்தொகையிலோ 18 சதவீத வரி சேர்ந்திருக்கும். அந்த அடித்தொகைகளைக் கூட்டினால் 36 இலட்சம் விற்றவர் ஏறத்தாழ 42.5 இலட்சம் விற்றதாகத் தோன்றும். உங்கள் எண்ணுக்கும் கணக்குப் பிரிவின் எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய இந்த விகிதத்தில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வசூலிலும் இதே கவனம் வேண்டும். கடைக்காரர் தந்த பின்திகதியிட்ட காசோலை வங்கியில் பணமாகும்வரை வசூல் அல்ல. இந்த வாரம் அப்படிப்பட்ட காசோலைகள் 3.5 இலட்சத்துக்குக் கிடைத்தன. அதைத் தனி வரியில், திகதியோடு எழுதுவேன். 9 இலட்சத்தோடு சேர்த்து 12.5 இலட்சம் என்று எழுதிவிட்டு, அடுத்த மாதம் ஒரு காசோலை திரும்பி வந்தால், பழைய அறிக்கையையே திருத்த வேண்டி வரும்.

3. இலக்கோடு ஒப்பிடும்போது வேலை நாட்களால் வகுங்கள்

"இலக்கில் 55 சதவீதம் முடிந்தது" என்ற வரி முகாமையாளருக்கு எதையும் சொல்வதில்லை. மாதத்தில் எத்தனை நாள் போய்விட்டது என்பதோடு சேர்த்துச் சொன்னால்தான் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியும். நாங்கள் திங்கள் முதல் சனி வரை வேலை செய்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒரு போயா விடுமுறையாவது குறுக்கே வரும். எங்கள் உதாரணத்தில் போயா இதே வாரத்தில் வந்ததால் வாரத்துக்கு ஐந்து நாட்களே கிடைத்தன. மாதத்துக்கு 26 வேலை நாட்கள். 19ஆம் திகதியோடு 16 முடிந்துவிட்டன, 10 மிஞ்சியிருக்கின்றன.

எக்செல்லில் இதைக் கையால் எண்ண வேண்டியதில்லை. A2 கட்டத்தில் தொடக்கத் திகதியும் B2 கட்டத்தில் முடிவுத் திகதியும் E2 முதல் E5 வரை விடுமுறைத் திகதிகளும் இருந்தால், ஞாயிறை மட்டும் நீக்கி எண்ணும் சூத்திரம் இது:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,11,E2:E5)
```

நடுவில் உள்ள 11 என்பதற்கு 'ஞாயிறு மட்டும் விடுமுறை' என்று பொருள். அதை விட்டுவிட்டால் சனிக்கிழமைகளும் கழிந்து கணக்குப் பிழைத்துவிடும்.

இப்போது கணக்கு எளிது. முந்திய வாரங்களின் தேறிய விற்பனை 25 இலட்சம், இந்த வாரம் 11 இலட்சம், ஆக 36 இலட்சம். 65 இலட்சத்தை 26 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 2.5 இலட்சம், 16 நாட்களில் 40 இலட்சம் வந்திருக்க வேண்டும். நாங்கள் 4 இலட்சம் பின்தங்கியிருக்கிறோம். இதுவரையான வேகம் நாளொன்றுக்கு 2.25 இலட்சம். இதே வேகத்தில் மிகுதி 10 நாட்களும் போனால் இன்னும் 22.5 இலட்சம் சேர்ந்து மாத முடிவில் 58.5 இலட்சத்தில் நிற்போம், 6.5 இலட்சம் குறையும். அறிக்கையின் முதல் பத்தியில் இருக்க வேண்டியது இந்தக் கடைசி வாக்கியம்தான். குறைவாக இருக்கிறதே என்று அதைக் கீழே தள்ளாதீர்கள். 19ஆம் திகதி தெரிந்த 6.5 இலட்சக் குறைவுக்கு முகாமையாளர் ஏதாவது செய்யலாம், 31ஆம் திகதி தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

4. பைப்லைனில் நம்பிக்கையை எழுதாதீர்கள், அடுத்த படியை எழுதுங்கள்

பேச்சில் இருக்கிற, அல்லது ஓடர் எழுதியும் எங்கள் பக்க அனுமதிக்காக நிற்கிற வியாபாரங்களைத்தான் பைப்லைன் என்கிறோம். வழமையாக வாங்கும் கடைகளின் ஓடரை இங்கே சேர்க்க வேண்டாம். அது மேலே சொன்ன 2.25 இலட்ச வேகத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு இடத்திலும் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். பொருள் இல்லாமல் காத்திருக்கும் 2.5 இலட்ச ஓடரும் அப்படியே.

நான் முன்பு "நிலாவெளி ஹோட்டல், 8 இலட்சம், 80 சதவீதம் உறுதி" என்று எழுதுவேன். அந்த 80 எங்கிருந்து வந்தது என்று முகாமையாளர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் நான்கு விடயங்களை மட்டும் எழுதுகிறேன்: தொகை, கடைசியாக உண்மையில் நடந்தது என்ன, அடுத்த படி யாருடைய கையில் இருக்கிறது, அது எந்தத் திகதிக்குள் நடக்க வேண்டும்.

அந்த ஹோட்டலையே எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் முழுவதும் மீளப் பூசும் வேலை, 8 இலட்சம். விலைமனு கொடுத்தாயிற்று, உரிமையாளர் சுவரில் பூசிக் காட்டிய மூன்று மாதிரிகளில் ஒரு நிறத்தைத் தெரிவுசெய்து, அதன் இலக்கத்தை எழுதியும் தந்துவிட்டார். முற்பணம் இன்னும் வரவில்லை. இங்கே திகதியை நான் ஊகிக்க வேண்டியதில்லை: எங்கள் கடற்கரையில் சுற்றுலாப் பருவம் மே மாதமளவில் சூடுபிடிக்கும், அதற்கு முன் ஏப்ரல் நடுவில் புத்தாண்டு வருவதால் பூசும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஒப்பந்தகாரர் தமக்கு இரண்டு வாரம் வேண்டும் என்கிறார். ஆகவே மார்ச் 28ஆம் திகதிக்குள் பொருள் இறங்காவிட்டால் இந்த வேலை புத்தாண்டுக்கு முன் முடியாது. 25ஆம் திகதிக்குள் முற்பணம் வந்தால் இந்த மாதம், வராவிட்டால் இந்த மாதக் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று எழுதுவேன்.

கிண்ணியாவில் ஒரு ஹாட்வெயார் கடை புதிய பிரிவு திறக்க 5 இலட்சத்துக்கு ஓடர் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டது. அது நிற்பது எங்கள் பக்கத்தில்: கடன் எல்லை போதாது. மூதூரில் ஒரு பாடசாலைக் கட்டட ஒப்பந்தகாரரிடம் 12 இலட்சம் பேச்சில் இருக்கிறது. ஆனால் கேள்விப்பத்திரத்தின் முடிவே இன்னும் வரவில்லை. தொகை பெரிதென்பதற்காக இதை மேலே எழுதக் கூடாது. இந்த மாதத்துக்கு இதன் பெறுமதி பூச்சியம் என்று தெளிவாக எழுதுங்கள்.

இப்போது மாத முடிவைப் பற்றி நேர்மையாகச் சொல்ல முடிகிறது: வழமையான வேகத்தில் 58.5, கிண்ணியா ஓடர் போனால் 63.5, ஹோட்டலும் முடிந்தால் 71.5. நான் பொறுப்பேற்று எழுதும் எண் 63.5. ஹோட்டல் முற்பணம் என் கையில் இல்லாததால் அதை வைத்து வாக்குக் கொடுப்பதில்லை.

5. ஆபத்து என்றால் தொகையும் திகதியும் இருக்க வேண்டும்

"சந்தை மந்தமாக உள்ளது", "போட்டி அதிகம்" என்பவை ஆபத்துகள் அல்ல; எந்த வாரத்திலும் எழுதக்கூடிய வரிகள். இரண்டு ஆபத்துகளுக்கு மேல் நான் எழுதுவதில்லை.

இந்த வாரத்தின் முதலாவது, வெளிச்சுவர் வெள்ளை 10 லீற்றர் வாளி தீர்ந்தது. நான்கு கடைகளின் 20 வாளி ஓடர், 2.5 இலட்சம், நிற்கிறது. வியாழக்கிழமை 24ஆம் திகதிக்குள் வராவிட்டால் இரண்டு கடைகள் வேறு கம்பனியின் வாளியை எடுப்பதாகச் சொல்லிவிட்டன.

இரண்டாவது, கந்தளாயில் ஒரு கடை. எங்கள் கடன் காலம் 45 நாட்கள். இந்தக் கடையின் 3.1 இலட்சம் 74 நாட்களாக நிற்கிறது, சென்ற செவ்வாய்க்கிழமை அதன் காசோலையும் திரும்பி வந்தது. காசோலை திரும்பிய செய்தியை ஒரு நாளும் மறைக்காதீர்கள். கடைக்காரர் நல்லவர், அடுத்த வாரம் தந்துவிடுவார் என்று நினைத்து நானும் ஒருமுறை எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்த வாரம் களஞ்சியம் அதே கடைக்கு மேலும் பொருள் அனுப்பிவிட்டது. நீங்கள் ஏற்கெனவே எடுத்த நடவடிக்கையையும் கூடவே எழுதுங்கள்: புதிய ஓடர் நிறுத்தப்பட்டது, புதன்கிழமை நேரில் போய் 1 இலட்சம் காசாகக் கேட்கப்படும்.

6. உதவி கேட்கும்போது ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள்

என் அனுபவத்தில் முழு அறிக்கையிலும் பயன் தரும் பகுதி இது. "கிண்ணியாக் கடையின் கடன் எல்லையைப் பற்றிக் கவனம் செலுத்தவும்" என்று எழுதினால் பதில் வராது. ஏனென்றால் முகாமையாளர் அதற்குப் பதில் எழுத முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். அந்த நான்கு கேள்விகளுக்கும் நீங்களே பதிலை எழுதிவிட்டால் அவருக்கு மிஞ்சுவது 'ஆம்' அல்லது 'இல்லை' மட்டுமே.

கடனுக்கு அது இப்படி அமையும்: இப்போதைய எல்லை 4 இலட்சம், நிலுவை 2 இலட்சம், புதிய ஓடர் 5 இலட்சம், ஆகவே ஏப்ரல் 30 வரை மட்டும் எல்லையை 7 இலட்சமாக உயர்த்தக் கோருகிறேன். கடந்த ஆறு மாதத்தில் இந்தக் கடையின் எந்தக் காசோலையும் திரும்பவில்லை. வியாபாரப் பதிவுப் பிரதியும் ஆறு மாதக் கொடுப்பனவு விபரமும் இணைப்பில் உள்ளன. செவ்வாய்க்கிழமை நண்பகலுக்குள் முடிவு தேவை. ஏனெனில் வியாழன் லொறியில் ஏற்ற வேண்டுமானால் புதன் காலையில் களஞ்சியத்துக்கு ஓடர் போக வேண்டும்.

செலவையும் நீங்களே பார்த்துவிட வேண்டும். முன்பொருமுறை இதேபோல 20 வாளிக்காகக் கொழும்பிலிருந்து தனி வாகனம் கேட்டேன். வாகனக் கூலி 55,000 ரூபா, அந்த 2.5 இலட்ச விற்பனையில் கம்பனிக்கு மிஞ்சுவதோ 50,000 ரூபா. கோரிக்கை மறுக்கப்பட்டது, அது சரியான முடிவும்கூட. இப்போது எப்படியும் கந்தளாய் வரை வருகிற வியாழன் லொறியில் 20 வாளியை ஏற்றும்படி மட்டும் கேட்கிறேன். அங்கிருந்து எங்கள் சிறிய வாகனம் எடுத்துவரும். மேலதிகச் செலவு ஏறக்குறைய எரிபொருள் மட்டுமே.

7. எழுதி அனுப்புதல்

முகாமையாளர் இதைப் பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் வாசிப்பார். எனவே முக்கிய எண்கள் மின்னஞ்சலின் உடலிலேயே இருக்க வேண்டும். எக்செல் கோப்பு சரிபார்க்க மட்டும். எண்களைப் படமாக ஒட்டாதீர்கள், அவரால் பிரதி எடுக்க முடியாது. உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கமென்றாலும் இதே வரிசை பொருந்தும். சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுங்கள். மாதிரி இது:

> பொருள்: திருகோணமலை – மார்ச் 14–19 – 36/65 இலட்சம் – 2 முடிவுகள் தேவை (செவ்வாய் நண்பகல்)
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> மார்ச் 19 வரை தேறிய விற்பனை 36 இலட்சம் (வரி நீங்கலாக). இந்நேரம் வந்திருக்க வேண்டியது 40 இலட்சம். இதே வேகத்தில் மாத முடிவு 58.5, கீழே கேட்டுள்ள கடன் எல்லை கிடைத்தால் 63.5 இலட்சம்.
>
> தேவையான முடிவுகள்
> 1. கிண்ணியாக் கடையின் கடன் எல்லை 4 இலட்சத்திலிருந்து 7 இலட்சமாக, ஏப்ரல் 30 வரை. ஓடர் 5 இலட்சம், கையொப்பமிடப்பட்டுள்ளது. ஆறு மாதமாகக் காசோலை திரும்பவில்லை. ஆவணங்கள் இணைப்பில்.
> 2. வெளிச்சுவர் வெள்ளை 10 லீற்றர், 20 வாளி, வியாழன் கந்தளாய் லொறியில்.
>
> இந்த வாரம்: பெற்ற ஓடர் 14, இன்வொயிஸ் 11.5, திரும்பியது 0.5, தேறிய விற்பனை 11, வசூல் 9, பின்திகதியிட்ட காசோலை 3.5 (இலட்சம்). போயா காரணமாக 5 வேலை நாட்கள்.
>
> பைப்லைன்: நிலாவெளி ஹோட்டல் 8 இலட்சம் – நிறம் உறுதி, முற்பணம் 25ஆம் திகதிக்குள் வர வேண்டும். மூதூர் ஒப்பந்தகாரர் 12 இலட்சம் – கேள்விப்பத்திர முடிவு வரவில்லை, இந்த மாதம் இல்லை.
>
> ஆபத்து: வெள்ளை வாளி இல்லாமை – 2.5 இலட்சம், 24ஆம் திகதி. கந்தளாய்க் கடை – 3.1 இலட்சம், 74 நாள், காசோலை திரும்பியது. ஓடர் நிறுத்தியுள்ளேன், புதன் நேரில் செல்கிறேன்.
>
> இப்படிக்கு,

உதவி கேட்கும் பகுதியை நான் எண்களுக்கு அடுத்ததாக, பைப்லைனுக்கும் ஆபத்துக்கும் மேலே வைத்திருப்பதைக் கவனியுங்கள். முன்பு கடைசியில் வைத்தேன்; திரையை அதுவரை உருட்டாமலேயே பல தடவை மூடியிருக்கிறார்கள்.

8. பதில் வராவிட்டால்

திங்கட்கிழமை கூட்ட நாள் என்பதால் அன்று தொந்தரவு செய்ய வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, முதலாவது முடிவை மட்டும் கேளுங்கள். அவர் வாயால் சம்மதம் சொன்னால், "இன்று காலை 10.10க்கு நீங்கள் கூறியபடி கடன் எல்லை 7 இலட்சம், ஏப்ரல் 30 வரை" என்று அதே மின்னஞ்சலுக்குக் கீழே பதிலாக எழுதி, கணக்குப் பிரிவையும் சேர்த்து அனுப்புங்கள், எழுத்தில் இல்லாத கடன் எல்லைக்குக் களஞ்சியத்தில் பொருள் இறக்கித் தரமாட்டார்கள். மறுத்தால் அன்றே கிண்ணியாக் கடைக்காரரிடம் சொல்லி, இருக்கிற எல்லைக்குள் அடங்கும் 2 இலட்சத்துக்கு ஓடரைக் குறைத்து எழுதி வாங்குங்கள்; அடுத்த அறிக்கையில் 63.5ஐ 60.5 என்று திருத்தி, ஏன் திருத்தினீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.